மீட்டிங் முடிவுகளை எங்கே எழுதி அனுப்புவது: சாட்டா, மின்னஞ்சலா, பொது ஆவணமா, டிக்கெட்டா?

"எம்.ஓ.எம். யார் அனுப்புறீங்க?" என்ற கேள்வியோடுதான் பல குழு அழைப்புகள் முடிகின்றன. யார் என்பது எப்படியோ முடிவாகிவிடும். எதில் எழுதுவது என்பதுதான் பல குழுக்களில் இழுபறியாகவே இருக்கிறது. ஒருவர் சாட்டில் போடுவார். அடுத்த வாரம் இன்னொருவர் மின்னஞ்சலில் அனுப்புவார். மூன்றாமவர் "எல்லாம் டிக்கெட்டா போட்டுட்டேன், தனியா எதுக்கு?" என்பார். ஒரு மாதம் கழித்து, வெளியீட்டுத் தேதி எங்கே முடிவானது என்று தேடும்போது மூன்று இடத்தில் மூன்று தேதி கிடைக்கும்.

நான்கு வழிகளையும் நான் வெவ்வேறு குழுக்களில் பயன்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடம் இருக்கிறது. வெளியே தெரியாத செலவும் இருக்கிறது. அவற்றை ஒப்பிட, ஒரே அழைப்பை எடுத்துக்கொண்டு நான்கிலும் வைத்துப் பார்ப்போம்.

## எடுத்துக்கொண்ட அழைப்பு

ஆறு பேர் கொண்ட குழு. ஒரு செயலியில் புதிய பணம் செலுத்தும் பக்கத்தை ஜூன் 11 அன்று வெளியிடுவதாக இருந்தது. ஜூன் 8, திங்கட்கிழமை அழைப்பில் ஐந்து பேர் இருந்தார்கள். அதில் காதில் விழுந்த வாக்கியங்கள் இவை:

"அப்போ பதினொண்ணாம் தேதி வேண்டாம், ஒரு வாரம் தள்ளிடலாம்."
"ரீஃபண்ட் டெஸ்ட்டை வெள்ளிக்குள்ள பார்த்துடலாம்."
"கஸ்டமருக்கு ஒரு மெசேஜ் போகணும். லீகல்லயும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."
"பழைய பக்கத்தை உடனே எடுக்க வேண்டாம், ரெண்டு வாரம் இருக்கட்டும்."

நான்கும் முடிவுகள் மாதிரிதான் கேட்கின்றன. ஆனால் ஒன்றில்கூட ஆள் இல்லை. நம் பேச்சின் பழக்கம் அது. "பார்த்துடலாம்", "போகணும்", "கேட்டுக்கணும்" என்ற வினைகளுக்குச் செய்பவர் யார் என்று சொல்லத் தேவையே இல்லை. "நாம பார்த்துக்கலாம்" என்றால் எல்லோரும் சேர்த்தி, அதனால் ஒருவரும் இல்லை. "நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் ஒரு பகுதியினர் ஏற்றுக்கொண்டார்கள் என்றாவது தெரியும். "நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் வாயால் சொன்னால்தான் பொறுப்பு ஓர் ஆளிடம் வந்து நிற்கிறது. எழுதும்போது இதையே "சோதனை முடிக்கப்படும்" என்று மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். பேச்சில் விடுபட்ட ஆளை எழுத்திலும் விட்டுவிட்டோம், அதோடு அது முறையான வாக்கியம் போலவும் தெரிகிறது.

அதனால் எழுதுகிறவர் அழைப்பின் கடைசி மூன்று நிமிடத்தை எடுத்துக்கொண்டு, "ரீஃபண்ட் டெஸ்ட் யார்? வெள்ளின்னா பன்னிரண்டா, பத்தொன்பதா?" என்று கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்ட பிறகு எழுதிய செய்தி கீழே. பெயர்களுக்குப் பதில் முதலெழுத்து மட்டும் தந்திருக்கிறேன். உங்கள் செய்தியில் முழுப் பெயர் இருக்கட்டும்.

> ஜூன் 8 அழைப்பு: பணம் செலுத்தும் பக்கம்
>
> முடிவானவை
> 1. வெளியீடு ஜூன் 11 அல்ல, ஜூன் 18 வியாழன். காரணம்: ரீஃபண்ட் சோதனை முடியவில்லை.
> 2. பழைய பக்கம் ஜூலை 2 வியாழன் வரை இருக்கும்.
>
> செய்ய வேண்டியவை
> 3. ரீஃபண்ட் சோதனை (முழுத் தொகை, பகுதித் தொகை, ரத்தான ஆர்டர்): ம., ஜூன் 12 வெள்ளி மாலை 5 மணி
> 4. வாடிக்கையாளர் அறிவிப்பின் முதல் வரைவு: க., ஜூன் 10 புதன்
> 5. வரைவைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பி, எப்போது பதில் தருவார்கள் என்று கேட்பது: க., ஜூன் 11 வியாழன்
>
> முடிவாகாதது
> 6. ஜூலை 2-க்குப் பிறகு பழைய முகவரிக்கு வருபவர்களை எங்கே அனுப்புவது. எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கை ச. ஜூன் 15 திங்கள் அழைப்புக்குக் கொண்டுவருவார்.
>
> திருத்தம் இருந்தால் ஜூன் 9 மதியம் 12 மணிக்குள் சொல்லுங்கள். ம., க., ச.: உங்கள் வரி சரியா என்று பதில் போடுங்கள்.

ஐந்தாவது வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். சட்டப் பிரிவிலிருந்து யாரும் அழைப்பில் இல்லை. "சட்டப் பிரிவு, ஜூன் 11-க்குள் ஒப்புதல்" என்று எழுதுவது எளிது. ஆனால் அந்தத் தேதி அவர்கள் தந்தது அல்ல, நாம் அவர்கள் தலையில் கட்டியது. அழைப்பில் இல்லாதவர் பெயரில் தேதி போடக் கூடாது. அவரிடம் கேட்கப் போகிறவர் பெயரும், கேட்கும் தேதியும்தான் போட முடியும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

என் கணக்கில் நான்கு அளவுகோல்கள். முதலாவதுதான் மிக முக்கியம்.

திருத்தம் எல்லோர் கண்ணிலும் படுகிறதா? இந்தச் செய்தி நடந்ததைப் பதிந்து வைப்பதற்கு மட்டும் அல்ல. "நாம் ஒப்புக்கொண்டது இதுதான் என்று நான் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று எழுதியவர் கேட்கும் கேள்வி அது. பதிலாக ஒரு திருத்தம் வந்தால், அதை மற்ற ஐந்து பேரும் பார்க்க வேண்டும்.

வராதவருக்குப் போய்ச் சேர்கிறதா? ஆறாவது ஆள் விடுப்பில் இருந்தார். சட்டப் பிரிவு குழுவுக்கு வெளியே இருக்கிறது.

மூன்று மாதம் கழித்துக் கிடைக்குமா? "பழைய பக்கத்தை ஏன் ஜூலை வரை வைத்திருந்தோம்?" என்று செப்டம்பரில் ஒருவர் கேட்பார்.

தேதி வரும்போது யாராவது, எதுவாவது நினைவூட்டுமா?

எழுத ஆகும் நேரத்தை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. ஆறு வரிச் செய்திக்கு எதில் எழுதினாலும் எனக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிறது.

## குழு சாட்டில் ஒரு திரெட்

இதன் பெரிய பலம் முதல் அளவுகோலில். மேலே உள்ள செய்தியைத் திட்டச் சேனலில் போட்டதும், ஒரு மணி நேரத்தில் ம. திரெட்டில் இப்படிப் பதில் எழுதுகிறார்: "பகுதித் தொகை ரீஃபண்டுக்கு டெஸ்ட் அக்கவுண்ட் 12-ஆம் தேதிதான் கிடைக்கும். அந்த ஒன்று மட்டும் 15 திங்கள் ஆகும்." இதை க.வும் பார்க்கிறார், ச.வும் பார்க்கிறார். வெளியீடு 18 என்பதால் திங்கட்கிழமை முடிந்தாலும் மூன்று நாள் கையில் இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். இரண்டே பதிலில் விஷயம் முடிந்தது. வேறு எந்த வழியிலும் இது இவ்வளவு இயல்பாக நடப்பதை நான் பார்த்ததில்லை.

மறைமுகச் செலவு மூன்று. முதலாவது, சத்தமில்லாத திருத்தம். மூலச் செய்தியில் 12-ஐ அழித்து 15 என்று மாற்றினால், ஏற்கெனவே படித்தவர்களுக்கு அது தெரியாது. ஓரத்தில் சின்னதாக ஒரு குறி வரும், அவ்வளவுதான். அதனால் முதலில் திரெட்டில் "வரி 3 மாறுகிறது" என்று எழுத வேண்டும். அப்புறம் மூலச் செய்தியில் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதியதைப் பக்கத்தில் போட வேண்டும். பழையது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, கட்டைவிரல். செய்திக்குக் கீழே ஐந்து கட்டைவிரல் விழுந்தால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் போட்டவர்களில் சிலருக்கு அது "ஒப்புக்கொள்கிறேன்", சிலருக்கு "பார்த்தேன்". பொறுப்பு ஏற்றவர்களிடமிருந்து மட்டுமாவது சொல்லில் பதில் வாங்க வேண்டும். "வரி 3 சரி, 12 மாலை" என்று ஒரு வரி போதும். மற்றவர்கள் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பு ஏற்றவரின் மௌனத்தை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, ஆயுள். சாட் ஓடும் நீர் மாதிரி. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்கே தெரியாது. ஜூன் 8 முடிவை செப்டம்பர் நடுவில் தேடினால் கிடைக்காது. கட்டணத் திட்டம் என்றாலும், தலைப்பில் தேதியும் திட்டத்தின் பெயரும் இல்லையென்றால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். "இன்னைக்குப் பேசினது:" என்று தொடங்கும் செய்தியை எந்தச் சொல்லை வைத்துத் தேடுவது?

குழு சிறியது, எல்லோரும் ஒரே சேனலில் இருக்கிறார்கள், தேதிகள் எல்லாம் இரண்டு வாரத்துக்குள் வருகின்றன என்றால் யோசிக்கவே வேண்டாம், சாட்தான்.

## மின்னஞ்சல்

அனுப்பிய மின்னஞ்சலை மாற்ற முடியாது. இதுவே அதன் பலமும் பலவீனமும். ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கிறது. யாரும் பின்னால் வந்து தேதியைத் திருத்திவிட்டு "நான் அப்போதே இப்படித்தான் எழுதினேன்" என்று சொல்ல முடியாது. குழுவுக்கு வெளியே இருப்பவர், வாடிக்கையாளர், ஒப்பந்தக்காரர் சம்பந்தப்பட்ட முடிவு என்றால் இந்த உறுதி தேவைப்படும். வராதவருக்குப் போய்ச் சேர்வதிலும் இதுதான் முன்னால் நிற்கிறது. சட்டப் பிரிவின் முகவரியை ஒரு வரியில் சேர்த்துவிடலாம். அவர்களைச் சாட் சேனலுக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

சிக்கல் திருத்தத்தில் வருகிறது. எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். ஒருமுறை எட்டுப் பேருக்குச் சுருக்கம் அனுப்பினேன். தரவு மாற்றம் 20-ஆம் தேதி இரவு என்று எழுதியிருந்தேன். ஒருவர் "20 இல்லை, 21 இரவு என்றுதானே பேசினோம்" என்று எனக்கு மட்டும் பதில் போட்டார். அவர் சொன்னதுதான் சரி. நான் நன்றி சொல்லிவிட்டு, "அடுத்த மெயிலில் திருத்திவிடலாம்" என்று விட்டுவிட்டேன். அந்த அடுத்த மெயில் போகவே இல்லை. 20 இரவு இரண்டு பேர் விழித்திருந்து காத்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது என் பிரதி. திருத்தம் என் பெட்டிக்குள் மட்டும் இருந்தது.

அதன்பிறகு இரண்டு பழக்கங்கள் வைத்துக்கொண்டேன். செய்தியின் கடைசி வரியில் "திருத்தம் இருந்தால் எல்லோருக்கும் பதில் போடுங்கள்" என்று எழுதுகிறேன். திருத்தம் தனியாக வந்தாலும், அன்றே முழுப் பட்டியலையும் மறுபடி அனுப்புகிறேன். பொருள் வரியின் தொடக்கத்தில் "திருத்தியது, வரி 3" என்று சேர்க்கிறேன். மாறிய வரியை மட்டும் அனுப்பினால் படிப்பவர் இரண்டு மெயிலைச் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதை யாரும் செய்வதில்லை.

இன்னொரு செலவு, புதிதாகக் குழுவில் சேர்கிறவருக்குப் பழைய மெயில் எதுவும் இருக்காது. ஜூலையில் வந்து சேர்ந்தவருக்கு ஜூன் 8 முடிவு என்று ஒன்று இருந்ததே தெரியாது.

## தொடர்ந்து வளரும் பொது ஆவணம்

வாரம் தவறாமல் நடக்கும் அழைப்புக்கு ஏற்றது. ஒரே ஆவணம், புதிய தேதி எப்போதும் மேலே, பழையவை கீழே இறங்கிக்கொண்டே போகும். மூன்று மாதம் கழித்துத் தேடுவதற்கு இதைவிட நல்லது இல்லை. புதிதாக வந்தவரிடம் ஒரே ஒரு இணைப்பைக் கொடுத்தால் போதும். கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் பழைய வடிவங்களும் இருப்பதால், யார் எப்போது தேதியை மாற்றினார் என்றும் பார்க்கலாம்.

ஆனால் ஆவணம் யாரையும் தேடிப் போகாது. எழுதி வைத்துவிட்டு, படித்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருப்போம். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, அடுத்த வார அழைப்பை அந்த ஆவணத்தைத் திறந்து, முடியாத வரிகளை வாய்விட்டுப் படித்துத் தொடங்குவது. ஜூன் 15 அன்று முதல் வேலையாக "வரி 3, ம., பகுதித் தொகை சோதனை என்னாச்சு?" என்று கேட்க வேண்டும். இது நடக்கும் குழுவில் ஆவணம் உயிரோடு இருக்கும். நடக்காத குழுவில் நான்கைந்து வாரத்தில் கைவிடப்படும். ஒரே ஒருமுறை நடக்கிற அழைப்புக்கு இது வேண்டாம்.

## நேரடியாக டிக்கெட்

ஜிரா மாதிரியான கருவியில் ஒவ்வொரு வேலையையும் டிக்கெட்டாகப் போட்டுவிட்டால் சுருக்கமே தேவையில்லை என்பது ஒரு கட்சி. அதில் பாதி நியாயம் இருக்கிறது. Assignee என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் போட முடியும். "ம. + க." என்றோ "குழு" என்றோ மழுப்ப இடமில்லை. Due date கட்டத்தில் "வெள்ளி வாக்கில்" என்று எழுத முடியாது. மற்ற மூன்று வழிகளில் எழுதுபவரின் ஒழுக்கத்தை நம்பி இருக்கும் விஷயத்தை இந்தக் கருவி கட்டாயமாக்கிவிடுகிறது. தேதி நெருங்குவது பலகையில் தெரிவதால், நான்காவது அளவுகோலில் இதுதான் முதலிடம்.

மீதிப் பாதி எங்கே விடுபடுகிறது? நம் செய்தியில் ஆறு வரிகள். அதில் 3, 4, 5 மூன்றும் டிக்கெட்டாக மாறும். 6-ஐயும் கொஞ்சம் வளைத்து மாற்றலாம். 1-ம் 2-ம் என்ன ஆகும்? "பழைய பக்கம் ஜூலை 2 வரை இருக்கும்" என்பது யாரும் செய்ய வேண்டிய வேலை இல்லை. யாரும் செய்யக் கூடாததைப் பற்றிய முடிவு. அதற்கு டிக்கெட் கிடையாது. ஜூன் 22 அன்று ஒருவர் நல்ல மனதோடு, "பழைய கோடை எடுத்துட்டேன்" என்று சொன்னால் அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் பலகையைப் பார்த்தார், பலகையில் ஒன்றும் இல்லை. அதேபோல, வெளியீடு தள்ளிப்போனதன் காரணமும் டிக்கெட்டில் தங்காது. தேதி மாறியது மட்டும் தெரியும்.

இன்னொன்று, டிக்கெட்டின் தேதியை மாற்ற யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மாற்றியது வரலாற்றில் பதிவாகும். ஆனால் அந்த வரலாற்றைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. கருவியின் அறிவிப்புகள் நாளுக்கு நாற்பது வரும்போது அதில் இதுவும் ஒன்றாக மூழ்கிவிடும்.

## ஒரே பார்வையில்

| | சாட் திரெட் | மின்னஞ்சல் | பொது ஆவணம் | டிக்கெட் |
|---|---|---|---|---|
| திருத்தம் கண்ணில் படுவது | மிக நன்று, சத்தமின்றித் திருத்தாத வரை | பலவீனம் | நடுத்தரம் | பலவீனம் |
| வராதவருக்குச் சேர்வது | குழுவுக்குள் மட்டும் | மிக நன்று | தேடிப் போக வேண்டும் | பொறுப்பாளருக்கு மட்டும் |
| மூன்று மாதம் கழித்து | பலவீனம் | அன்று பெற்றவருக்கு மட்டும் | மிக நன்று | வேலைகள் கிடைக்கும், முடிவுகள் கிடைக்காது |
| தேதி நினைவூட்டல் | இல்லை | இல்லை | அழைப்பில் படித்தால் மட்டும் | மிக நன்று |
| மறைமுகச் செலவு | கட்டைவிரலைச் சம்மதமாக நினைப்பது | திருத்திய பிரதியை மறுபடி அனுப்புவது | பராமரிக்க ஓர் ஆள் | வேலையாக மாறாத முடிவுகள் தொலைவது |

## நான் தேர்ந்தெடுப்பது

இந்த ஜூன் 8 அழைப்புக்கு நான் சாட்டில் தொடங்கி டிக்கெட்டில் முடிப்பேன். முதலில் அழைப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் திரெட். மறுநாள் மதியம் 12 மணி வரை திருத்தத்துக்கு நேரம். அதன்பிறகுதான் டிக்கெட். இந்த வரிசை முக்கியம். அழைப்பு முடிந்த கையோடு டிக்கெட் போட்டிருந்தால், ம.வின் பெயரில் மூன்று சோதனைகளும் 12-ஆம் தேதி என்று பதிவாகியிருக்கும். திரெட்டில் 15 என்று மாறியதை யாராவது மறக்காமல் போய்த் திருத்த வேண்டும். காத்திருந்ததால் பகுதித் தொகைக்குத் தனி டிக்கெட், 15 என்ற தேதியோடு நேராகவே போடலாம்.

டிக்கெட்டாக மாறாத முதல் இரண்டு வரிகளை மட்டும் வெளியீட்டுக்கான தாய் டிக்கெட்டின் விளக்கத்தில் அப்படியே ஒட்டி, திரெட்டின் இணைப்பையும் சேர்ப்பேன். கூடவே, பழைய பக்கத்தை நீக்குவதற்கு ஒரு டிக்கெட் போட்டு, "ஜூலை 2-க்கு முன் தொட வேண்டாம்" என்பதை அதன் தலைப்பிலேயே வைப்பேன். கோடை எடுக்க நினைப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டும் வேறு வேறாகப் போகும் ஆபத்து உண்டு. அதனால் திரெட்டின் கடைசிப் பதிலாக, "தேதிகள் இனி டிக்கெட்டில் உள்ளதே சரி" என்று எழுதி மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு தேதியை மாற்றுகிறவர், ஏன் மாற்றினார் என்று அந்த டிக்கெட்டிலேயே ஒரு வரி எழுத வேண்டும்.

சட்டப் பிரிவுக்கு மட்டும் தனி மின்னஞ்சல். ஆறு வரியையும் அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. வெளியீடு 18 என்பதும், வரைவு இத்துடன் இருக்கிறது என்பதும், எந்த நாளில் பதில் தர முடியும் என்ற கேள்வியும் போதும். அவர்கள் ஒரு தேதி சொன்ன பிறகு, அதை க. திரெட்டில் ஏழாவது வரியாகச் சேர்ப்பார். அப்போது அந்த வரியில் சட்டப் பிரிவிலிருந்து பதில் எழுதியவரின் பெயரைப் போடலாம்.